வங்கியில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை ஃப்ரீ லுக் காலத்தில் ரத்து செய்தல்: எவ்வளவு பிடிப்பார்கள், எப்படிக் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 41. வைப்பு நிதி முதிர்ந்த பணத்தில் ரூ.60,000-ஐ, "ஒரே முறை கட்டினால் போதும், வைப்பு நிதி மாதிரிதான்" என்று சொன்னதால் ஜனவரி 28 அன்று வங்கியில் ஒரு திட்டத்தில் போட்டேன். பிப்ரவரி 3 அன்று மின்னஞ்சலில் பாலிசி வந்தது, திறந்து பார்க்கவில்லை. 12-ஆம் தேதி தபாலில் பாண்டு வந்தபோதுதான், 12 ஆண்டுகள் ஆண்டுதோறும் ரூ.60,000 கட்ட வேண்டிய, சேமிப்பும் ஆயுள் காப்பும் சேர்ந்த 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி என்று தெரிந்தது. காப்புத் தொகை ரூ.6 லட்சம். இன்று பிப்ரவரி 24. வங்கியில் கேட்டால், "15 நாள் முடிந்துவிட்டது, இனி சரண்டர்தான், பாதிப் பணம் போய்விடும்" என்கிறார்கள். முழுத் தொகையும் திரும்பக் கிடைக்குமா? எவ்வளவு பிடிப்பார்கள்? யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்:

பாலிசி ஆவணம் கைக்கு வந்த பின், நிபந்தனைகள் ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற விதி தரும் அவகாசமே ஃப்ரீ லுக் காலம். உங்களுக்கு அது இன்னும் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், சிறு பிடித்தங்கள் போக ஏறத்தாழ முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். பாதிப் பணம் போகும் என்பதற்கு விதிகளில் எந்த இடமும் இல்லை.

வங்கியில் சொன்ன 15 நாள் என்பது பழைய கணக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017-இல் கொண்டுவந்த பாலிசிதாரர் நலப் பாதுகாப்பு விதிகளில், நேரில் விற்கப்பட்ட பாலிசிகளுக்கு 15 நாளும், மின்னணுப் பாலிசிகளுக்கும் தொலைபேசி, இணையம் போன்ற வழிகளில் விற்கப்பட்டவற்றுக்கும் 30 நாளும் என்று இரு வகை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டன. பாலிசி எந்த வழியில் விற்கப்பட்டிருந்தாலும், தாளில் வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் என்பதே இப்போதைய விதி. நீங்கள் வங்கியோடு வாதிட வேண்டியதில்லை. பாண்டோடு வந்த முன்கடிதத்திலோ பாலிசி நிபந்தனைகளிலோ ஃப்ரீ லுக் பற்றிய பத்தி இருக்கும். அதில் 30 நாள் என்று அவர்களே அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 30 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் இத்தகைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் தொகையில் அல்ல, தேதியில்தான் சிக்குகின்றன. பிரீமியம் கட்டிய நாளோ, பாண்டில் அச்சிட்ட பாலிசி தொடக்க நாளோ கணக்கில்லை. ஆவணம் உங்களை வந்தடைந்த நாள்தான் கணக்கு. உங்களுக்கோ அது இரண்டு முறை வந்திருக்கிறது. தபாலில் வந்த 12-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் மார்ச் நடுப்பகுதி வரை நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் மின்னணு வடிவில் வந்து சேர்ந்ததும் வந்து சேர்ந்ததுதான் என்று நிறுவனம் சொல்லும். மின்னஞ்சலைத் திறக்கவில்லை என்ற விளக்கம் அங்கே வலுவாக நிற்காது. எனவே பிப்ரவரி 3-ஐயே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் மார்ச் 4, அடுத்த நாளிலிருந்து எண்ணினால் மார்ச் 5 என்று வரும். இந்த ஒரு நாள் வித்தியாசத்தை யாரும் வாதிட இடமில்லாதபடி, பிப்ரவரி 26 அல்லது 27-இலேயே விண்ணப்பத்தைச் சேர்த்துவிடுவது நல்லது. மின்னஞ்சலை நீக்கிவிடாதீர்கள்; அது வந்த தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு நகல் எடுங்கள். தபால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள ஸ்பீடு போஸ்ட் எண்ணைக் கொண்டு, அது எந்த நாளில் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை அஞ்சல் துறையின் தளத்தில் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் வராமல் பாண்டு மட்டும் தாமதமாக வந்தவர்களுக்கு இந்தச் சான்றுதான் முதன்மையானது.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. வங்கி இங்கே விற்பனை முகவர் மட்டுமே. ஒப்பந்தம் உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலானது. வங்கிக் கிளையில் கடிதம் கொடுத்துவிட்டு, "மேலே அனுப்பிவிட்டோம்" என்ற பதிலை நம்பி இரண்டு வாரம் காத்திருந்த பலர், நிறுவனத்தின் பதிவில் தங்கள் விண்ணப்பம் 34-ஆம் நாளில் வந்ததாக இருப்பதைப் பின்னர் கண்டிருக்கிறார்கள். விற்றவர் தயங்குவதற்குப் பணக் காரணமும் உண்டு. ஃப்ரீ லுக்கில் ரத்தாகும் பாலிசிக்கு முகவருக்குக் கொடுத்த கமிஷனை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளும். கிளையின் விற்பனை இலக்கிலும் அது கழிந்துபோகும். இதனால் அவர் சொல்வதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் உங்கள் காலக்கெடுவைக் காக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பது சரியாகாது. ஆகவே விண்ணப்பத்தை இரண்டு வழிகளில் நேரடியாக நிறுவனத்துக்கே அனுப்புங்கள். முதலில், பாலிசியில் பதிவான உங்கள் மின்னஞ்சல் முகவரியிலிருந்து, பாண்டில் கொடுக்கப்பட்டுள்ள வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு அனுப்புங்கள். அனுப்பிய நேரமே உங்கள் சான்றாகிவிடும், ஒரு கோரிக்கை எண்ணும் பதிலாக வரும். இரண்டாவதாக, அருகிலுள்ள அந்நிறுவனக் கிளைக்கு நேரில் சென்று, அதே கடிதத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள். கிளை தொலைவில் இருந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றைப் பெற்றுக்கொண்டால் போதும். தொலைபேசியில் சொன்னதை விண்ணப்பமாக எண்ண வேண்டாம்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். வங்கியில் நடந்த உரையாடல் முழுவதையும் அதில் கொட்டினால், அது ரத்துக் கோரிக்கையா, தவறான விற்பனை குறித்த புகாரா என்ற குழப்பம் எழுந்து, புகார்ப் பிரிவுக்குப் போய் விசாரணையில் நாட்கள் கழியும். நீங்கள் கேட்பது ரத்து. அதற்குப் பாலிசியின் எந்த நிபந்தனை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னாலே போதுமானது. அந்தக் காரணம் சரிதான் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் ரத்து ஆகும் என்ற நிபந்தனை விதியில் இல்லை. உங்கள் நிலைக்கு ஏற்ற ஒரு வடிவம் இது:

> பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, (நிறுவனத்தின் பெயர், முகவரி)
>
> பொருள்: பாலிசி எண் ………, ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்து பிரீமியத்தைத் திருப்பித் தரக் கோருதல்.
>
> மேற்கண்ட பாலிசிக்காக ஜனவரி 28 அன்று ரூ.60,000 செலுத்தினேன். பாலிசி ஆவணம் பிப்ரவரி 3 அன்று மின்னஞ்சலிலும், பிப்ரவரி 12 அன்று தபாலிலும் கிடைத்தது. பிரீமியத்தை 12 ஆண்டுகள் தொடர்ந்து செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையும், 20 ஆண்டுப் பாலிசிக் காலமும் எனக்கு ஏற்புடையவை அல்ல. எனவே 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் இந்தப் பாலிசியை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இது சரண்டர் கோரிக்கை அல்ல. இந்தப் பாலிசியில் எந்த உரிமைக்கோரலும் செய்யவில்லை.
>
> காப்பு அளிக்கப்பட்ட நாட்களுக்குரிய இடர் பிரீமியம், மருத்துவப் பரிசோதனைக்கு நிறுவனம் செய்த செலவு, முத்திரைத் தீர்வை ஆகியவை மட்டும் போக மீதித் தொகையைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தி, ஒவ்வொரு பிடித்தத்தின் தொகையையும் எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: அசல் பாலிசி பாண்டு, முதல் பிரீமியம் ரசீதின் நகல், ரத்து செய்த காசோலை, அடையாளச் சான்றின் நகல்.
>
> (கையெழுத்து, தேதி, பதிவான தொலைபேசி எண்)

அசல் பாண்டைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கிளையில் ஒப்படைக்கும்போது, "அசல் பாண்டு பெறப்பட்டது" என்ற சொற்கள் உங்கள் பிரதியில் எழுதப்பட வேண்டும். வங்கி ஊழியரிடமோ முகவரிடமோ ஒப்புகையின்றிப் பாண்டைக் கொடுக்கவே வேண்டாம். "நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்" என்று வாங்கிச் சென்ற பாண்டு மேசை இழுப்பறையிலேயே 30 நாளைக் கடந்துவிடுவது அரிதான நிகழ்வு அல்ல. ரத்து செய்த காசோலையில் உங்கள் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் சேருங்கள். பணம் பெரும்பாலும் பாலிசிதாரரின் பெயரிலுள்ள கணக்குக்கே வரும் என்பதால், கணவர் அல்லது மகனின் கணக்கைக் கொடுத்தால் அது ஒரு கேள்வியாகத் திரும்பி வந்து நாட்களைத் தின்னும்.

இப்போது பிடித்தங்களைப் பார்ப்போம். விதி அனுமதிப்பவை மூன்று: பாலிசி நடப்பிலிருந்த நாட்களுக்குரிய இடர் பிரீமியம், உங்களைப் பரிசோதிக்க நிறுவனம் செலவிட்ட தொகை, முத்திரைத் தீர்வை. முகவர் கமிஷன், அலுவலகச் செலவு, ரத்துக் கட்டணம், பாண்டு அச்சிட்ட செலவு என்று எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

இடர் பிரீமியம் என்பதை முழுப் பிரீமியத்தின் நாள் பங்கு என்று பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். ரூ.60,000-ஐ 365-ஆல் வகுத்து, 28 நாளால் பெருக்கி, நாலாயிரத்து அறுநூறு ரூபாய் போய்விடும் என்று கவலைப்படுவார்கள். எண்டோமென்ட் பாலிசியில் நீங்கள் கட்டும் பிரீமியத்தின் பெரும்பகுதி சேமிப்புக்கும் செலவுக்கும் போகிறது. அந்த ஆண்டில் மரணம் நேர்ந்தால் பணம் கொடுக்கும் பொறுப்புக்கான விலை அதில் ஒரு சிறு பகுதிதான். கழிக்கப்படுவது அந்தச் சிறு பகுதியின் நாள் பங்கு மட்டுமே.

உங்கள் எண்களை வைத்து ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்கலாம். காப்பு ஜனவரி 30 அன்று தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பாண்டில் அந்தத் தேதி இருக்கும். விண்ணப்பம் பிப்ரவரி 26 அன்று சேர்ந்தால், இரு நாட்களையும் சேர்த்து 28 நாள் காப்பு. உங்கள் வயதுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் காப்புக்கு ரூ.1.80 என்று நிறுவனத்தின் இடர் விகிதம் இருப்பதாகக் கொண்டால், ரூ.6 லட்சத்துக்கு ஆண்டுக்கு ரூ.1,080 ஆகும். அதை 365-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கினால் ரூ.82.85 வரும். விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனாலும் அது இரட்டிப்பாக இருந்தால்கூட ரூ.166-ஐத் தாண்டாது.

முத்திரைத் தீர்வை ஆயிரம் ரூபாய் காப்புத் தொகைக்கு 20 காசு. ரூ.6 லட்சத்துக்கு அது ரூ.120. பாண்டில் எவ்வளவு தீர்வை செலுத்தப்பட்டது என்று பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தீர்வை காப்புத் தொகையைப் பொறுத்தது, பிரீமியத்தைப் பொறுத்தது அல்ல. அதனால்தான் சேமிப்பு இல்லாமல் மரணத்துக்கு மட்டும் காப்புத் தரும் ரூ.1 கோடி டெர்ம் பாலிசியை ரத்து செய்பவருக்குத் தீர்வை மட்டுமே ரூ.2,000 போகும், பிரீமியம் அங்கே சிறியது என்பதால் அவருக்கு அது பெரிதாகத் தெரியும். டெர்ம் பாலிசியில் பிரீமியத்தின் பெரும்பகுதியே இடருக்கானது என்பதால் இடர் பிரீமியப் பிடித்தமும் விகிதத்தில் கூடுதலாக இருக்கும்.

மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. ரத்தம் எடுக்கவோ இசிஜி பார்க்கவோ யாரும் வராமல், உடல்நலக் கேள்விகளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த பதில்களை மட்டும் கொண்டு பாலிசி கொடுத்திருந்தால், இந்தத் தலைப்பில் ஒரு ரூபாயும் கழிக்க முடியாது. நடந்திருந்தால், ஆய்வகத்துக்கு நிறுவனம் கொடுத்த தொகை கழியும். உதாரணத்துக்கு அதை ரூ.900 என்று கொள்வோம். அப்போது மொத்தப் பிடித்தம் 82.85, 120, 900 ஆகியவை சேர்ந்து ரூ.1,102.85. உங்கள் கணக்குக்கு வர வேண்டியது ரூ.58,897.15. பரிசோதனை இல்லையென்றால் ரூ.59,797.15. இந்த அளவிலிருந்து வெகுவாக விலகிய தொகை வந்தால், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்ற விவரத்தைக் கேட்டு எழுதுங்கள். விவரம் கேட்ட பின்னர் திருத்தப்பட்ட தொகை வருவதும் உண்டு.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு சொல். தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரிவிலக்கு இருப்பதால், அதற்குப் பின் எடுத்த பாலிசியில் வரி என்று எதையும் கழிக்கக் காரணமில்லை. பிரீமியத்தைச் சந்தையில் முதலீடு செய்யும் காப்பீட்டுத் திட்டமான யூலிப் எடுத்தவர்களுக்குக் கணக்கு சற்று வேறு: மேற்கண்ட மூன்றோடு, யூனிட்டுகளை ரத்து நாளின் விலையில் நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்த நாட்களில் சந்தை இறங்கியிருந்தால் அந்த இழப்பு பாலிசிதாரரைச் சேரும். ஏறியிருந்தால் ஆதாயமும் அவருக்கே. உங்களுடையது எண்டோமென்ட் என்பதால் இது உங்களைத் தொடாது.

விண்ணப்பம் கொடுக்கும் இடத்தில் மூன்று இடறல்களை எதிர்பாருங்கள். முதலாவது, படிவம். கிளையில் உங்களிடம் நீட்டப்படும் படிவத்தின் தலைப்பில் சரண்டர் என்று இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஃப்ரீ லுக் ரத்தும் சரண்டரும் வெவ்வேறு செயல்கள். முதலாவதில் ஒப்பந்தமே ஏற்கப்படாததாகக் கருதப்பட்டுப் பணம் திரும்புகிறது. இரண்டாவதில் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பதற்கான மதிப்பு தரப்படுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படியும், ஓராண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டிப் பாலிசி ஓராண்டை நிறைவு செய்த பிறகே சிறப்புச் சரண்டர் மதிப்பு உருவாகிறது. ஆகவே முதல் மாதத்தில் சரண்டர் படிவத்தில் கையெழுத்திடுபவருக்குப் பாதிப் பணம் அல்ல, எதுவுமே கிடைக்காமல் போகலாம். வங்கியில் உங்களுக்குச் சொன்னது அந்த வகையில்கூடச் சரியான கணக்கு அல்ல.

இரண்டாவது, மாற்றுத் திட்டம். "ரத்து எதற்கு, ஒரே பிரீமியத் திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம்" என்பார்கள். பாலிசியை அப்படியே வேறொன்றாக மாற்றுவது என்று ஒன்று இல்லை. பழையதை ரத்து செய்து, அந்தப் பணத்தில் புதிய முன்மொழிவு போடுவதுதான் அங்கே நடக்கும். புதியதும் வேண்டாம் என்று பிறகு தோன்றினால் முழு நடைமுறையையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். பணத்தை முதலில் உங்கள் கணக்குக்கு வரவைத்துக்கொண்டு, அதன்பின் வேறு எதையும் யோசியுங்கள்.

மூன்றாவது, தொலைபேசி அழைப்பு. விண்ணப்பம் பதிவானதும் நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று விசாரிப்பார்; போனஸ், வரிச் சலுகை என்று விளக்குவார். அந்த உரையாடல் பதிவு செய்யப்படும். "சரி, யோசித்துச் சொல்கிறேன்" என்ற நம் வழக்கமான மரியாதைச் சொல், விண்ணப்பத்தை நீங்கள் நிறுத்திவைக்கச் சொன்னதாகப் பதிவாகிவிடக்கூடும். "நான் கொடுத்த ரத்துக் கோரிக்கையில் மாற்றம் இல்லை, அதன்படி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அழைப்பில் வரும் ஓ.டி.பி. எதையும் பகிர வேண்டாம். ரத்தை உடனே முடித்துத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கும் அழைப்புகள் மோசடியானவை.

கோரிக்கை நிறுவனத்தைச் சேர்ந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது இப்போதைய காலக்கெடு. பிப்ரவரி 26 அன்று கொடுத்தால் மார்ச் 5-க்குள் வர வேண்டும். வராவிட்டால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கோரிக்கை எண், கொடுத்த தேதி, ஒப்புகை நகல் ஆகியவற்றுடன் எழுதி, தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்த வட்டியையும் கேளுங்கள். புகாருக்கு 14 நாட்களுக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும். அதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளமான bimabharosa.irdai.gov.in-இல் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். தளத்தில் பதிந்த புகார் அந்த நிறுவனத்துக்கே போகிறது என்றாலும், ஒழுங்குமுறை ஆணையத்தின் பார்வையில் அது இருப்பதால், கிளையில் நகராத கோப்பு அங்கே நகர்வதுண்டு.

நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்தின் மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். அங்கே உங்கள் வழக்கு நிற்கப்போவது இரண்டே ஆவணங்களில்தான்: ஆவணம் உங்களுக்குக் கிடைத்த தேதியின் சான்று, விண்ணப்பம் அவர்களுக்குக் கிடைத்த தேதியின் சான்று. 30 நாளுக்குள் கொடுத்தது இந்த இரண்டிலிருந்தும் தெளிவானால், விற்பனையின்போது யார் என்ன சொன்னார்கள் என்பதை நிரூபிக்க வேண்டிய தேவையே எழாது. 30 நாளைத் தவறவிட்டவர்களோ தவறான விற்பனை என்று புகார் செய்து, கையெழுத்திட்ட பலன் விளக்கப் பட்டியலுக்கும் சரிபார்ப்பு அழைப்பின் பதிவுக்கும் எதிராக வாதாட வேண்டியிருக்கும். அது நீண்ட வழி. உங்களுக்கு இப்போது அது வேண்டியதில்லை.

விண்ணப்பம் கொடுத்த கையோடு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது அடுத்த ஆண்டுகளின் பிரீமியத்தை உங்கள் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் மேண்டேட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பாலிசி ரத்தானாலும் வங்கியில் அந்த அனுமதி தனியே உயிரோடு இருக்கக்கூடும். அதை ரத்து செய்யும்படி வங்கிக்குத் தனிக் கடிதம் கொடுத்து, நெட் பேங்கிங்கில் அது நீங்கியதா என்று சரிபாருங்கள். பழைய வரி முறையில் இருப்பவரானால், இந்த ரூ.60,000-ஐ 80சி கழிவுக்காக அலுவலகத்தில் கணக்குக் காட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிரீமியத்துக்குக் கழிவு கோர முடியாது.

ரத்து நடைமுறைக்கு வந்ததும் அந்த ரூ.6 லட்சம் காப்பும் முடிந்துவிடும். உங்கள் வருமானத்தை நம்பி வீட்டில் யாரேனும் இருந்து, வேறு பாலிசி எதுவும் இல்லையென்றால், ஒரு டெர்ம் பாலிசிக்கான முன்மொழிவை இப்போதே தொடங்குங்கள். ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று இந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் மருத்துவப் பரிசோதனையுடன் கூடிய முன்மொழிவு மார்ச் 4-க்குள் முடிந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. புதிய முன்மொழிவுப் படிவத்தில், இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்கள் முன்மொழிவை நிராகரித்ததா என்ற கேள்வி இருக்கும். நீங்களே ஃப்ரீ லுக்கில் திருப்பிக் கொடுத்த பாலிசி நிராகரிப்பு ஆகாது. ஏற்கெனவே உள்ள பாலிசிகளைக் கேட்கும் பகுதியில் மட்டும், அந்த நாளில் இது இன்னும் ரத்தாகாமல் இருந்தால், பாலிசி எண்ணுடன் "ஃப்ரீ லுக் ரத்துக்கு விண்ணப்பித்துள்ளேன்" என்று எழுதிவிடுங்கள்.